நோட்டீசில் வராத 9 லட்சம்

சேலையூர் கேம்ப் ரோடு சந்திப்பில் காலை ஆறு மணிக்கு நின்று பாருங்கள். ஒரு டீக்கடையின் பாய்லர் ஆவி கண்ணிலிருந்து மறைவதற்குள் அடுத்த கடையின் ஆவி தெரியும். இத்தனை கடைக்கு நடுவில்தான் புதிதாக ஒரு நோட்டீசும் அடிக்கடி கண்ணில் படுகிறது. “5 லட்சத்தில் சொந்த டீக்கடை. எங்கள் பிராண்டு, முழு சப்போர்ட். ஆறே மாதத்தில் போட்ட பணம் கையில். டீலர்கள் தேவை.” கீழே ஒரு போன் நம்பர். வேறெதுவும் இல்லை.

இப்படிப்பட்ட நோட்டீசைப் பார்த்துப் பணம் கட்டப் போகிறவருக்காக இதை எழுதுகிறேன். தாம்பரம் பக்கத்தில் இரண்டு மூன்று கடை நன்றாக ஓடி, அடுத்து பிறருக்குக் கிளை கொடுக்கலாம் என்று நோட்டீஸ் எழுத உட்கார்ந்திருப்பவரும் படிக்கலாம். இருவருக்கும் தேவைப்படுவது ஒரே கணக்குதான்.

நேர்மையான அறிவிப்பு எப்படியிருக்கும் என்பதற்கு ஒரு நல்ல மாதிரி நம் நாட்டிலேயே இருக்கிறது. டீக்கடை இல்லை, பால் கடை. அமுல் நிறுவனம் தன் விற்பனை நிலையம் எடுக்க விரும்புகிறவர்களுக்காக வெளியிட்டு வந்திருக்கும் விவரம் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். சிறிய கடைக்கு 100 முதல் 150 சதுர அடி. பிராண்டு டெபாசிட் 25,000 ரூபாய், அது திரும்ப வராது என்பதும் அங்கேயே எழுதியிருக்கிறது. கடையைச் சீரமைக்க சுமார் 1 லட்சம், ஃபிரிட்ஜ் முதலிய சாமான்களுக்கு 70,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல், ஆக மொத்தம் ஏறக்குறைய 2 லட்சம். அடுத்து வருமானம். பாக்கெட் பாலில் இரண்டரை சதவீதம், பால் பொருட்களில் பத்து சதவீதம், ஐஸ்கிரீமில் இருபது சதவீதம். ராயல்டி கிடையாது, லாபத்தில் பங்கும் கேட்பதில்லை. அமுல் பெயரைச் சொல்லிப் போலி இணையதளம் வைத்துப் பணம் பிடுங்கும் கூட்டம் உண்டு என்ற எச்சரிக்கையும் கூடவே வருகிறது.

இந்த அறிவிப்பில் என்னைக் கவர்வது தொகைகள் சிறியதாக இருப்பதல்ல. பாலில் இரண்டரை சதவீதம்தான் என்று படித்த உடனே பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். ஓடட்டும் என்றுதான் அதை எழுதியிருக்கிறார்கள். பொருந்தாத ஆளைப் போன் செய்யும் முன்பே கழித்துவிடுவதுதான் அறிவிப்பின் முதல் வேலை. “விவரங்களுக்கு அழைக்கவும்” என்று மட்டும் போட்டவர் எல்லோரையும் உள்ளே இழுக்கப் பார்க்கிறார்.

இனி நம் 5 லட்சத்துக்கு வருவோம். கணக்குக்காக கேம்ப் ரோட்டை ஒட்டி 180 சதுர அடியில், மாதம் 25,000 ரூபாய் வாடகையில் ஒரு கடையை வைத்துக்கொள்வோம். இங்கே நான் சொல்லும் விலைகள் எல்லாம் மாதிரிக்குத்தான். உங்கள் தெருவின் விலையைப் போட்டுத் திரும்பக் கூட்டிக்கொள்ளுங்கள், கணக்கின் போக்கு மாறாது.

நோட்டீசில் உள்ள 5 லட்சம் என்பது பிராண்டுக் கட்டணம் 3 லட்சமும் பாய்லர், அடுப்பு, ஃபிரிட்ஜ், பில் மெஷினுக்கு 2 லட்சமும் சேர்ந்தது. அந்த 3 லட்சத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, 54,000 ரூபாய். சின்ன எழுத்தில் “வரி தனி” என்று இருந்தாலும் இருக்கும். பிறகு கடை முகப்பு, போர்டு, டைல்ஸ், கவுன்டர், மின் வேலை எல்லாம் பிராண்டு சொல்லும் நிறத்தில், பிராண்டு சொல்லும் ஆளிடம்தான் செய்யவேண்டும் என்பார்கள். அதற்கு மூன்றரை லட்சம். வீட்டுக்காரருக்குப் பத்து மாத அட்வான்ஸ் இரண்டரை லட்சம். முதல் சரக்கு 40,000. உணவுப் பாதுகாப்பு உரிமம், மாநகராட்சித் தொழில் உரிமம், சிலிண்டர் டெபாசிட் போன்ற சில்லறைச் செலவு 16,000. இத்தோடு முடிந்தது என்று நினைப்பதுதான் பலர் சறுக்கும் இடம். கடை திறந்த அன்றே கூட்டம் வராது. வாடகையும் சம்பளமும் மட்டும் அன்றிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். இரண்டு மாதச் செலவையாவது தனியாகக் கையில் வைத்திருக்க வேண்டும், 1,90,000. எல்லாவற்றையும் கூட்டினால் 14 லட்சம்.

ஆக, நோட்டீஸ் 5 லட்சத்தோடு நின்றுவிட, மீதி 9 லட்சத்தை நீங்களே ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. நோட்டீஸ் போட்டவர் பொய் சொன்னார் என்று சொல்லமுடியாது. தன் கைக்கு வரும் பணத்தை மட்டும் சொன்னார், உங்கள் கையைவிட்டுப் போகும் பணத்தைச் சொல்லவில்லை.

இந்த 14 லட்சத்தை இன்னொரு விதமாகவும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு வருடத்தில் கடையை மூடினால் எது திரும்பும்? அட்வான்ஸ் திரும்பும், பெயின்ட் அடிக்கும் செலவைக் கழித்துக்கொண்டு. பாய்லரும் ஃபிரிட்ஜும் பாதி விலைக்குப் போகும். கட்டணமும் அதன் வரியும் முகப்பு அலங்காரமும் போனது போனதுதான். பழைய பிராண்டின் போர்டை யார் வாங்குவார்? கையிருப்பும் சரக்கும் அதற்குள் கரைந்திருக்கும். ஏறக்குறைய பத்தரை லட்சம் திரும்பாத பணம். ‘மொத்த முதலீடு’ என்று ஒரே எண்ணைப் போடாமல், ‘திரும்புவது’, ‘திரும்பாதது’ என்று இரண்டு எண்ணாகப் போடும் அறிவிப்பை நான் இன்னும் பார்க்கவில்லை. அப்படி ஒன்று வந்தால் அந்த நம்பருக்கு முதலில் போன் செய்வேன்.

அடுத்தது கிளாஸ் கணக்கு. உண்மை தங்கியிருப்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

முழுக்கொழுப்புப் பால் லிட்டர் 60 ரூபாய், ஒரு லிட்டருக்கு 15 டீ என்று வைப்போம். ஒரு டீக்குப் பால் 4 ரூபாய். ஒரு லிட்டரில் 20, 22 டீ போடலாம் என்று சொல்லித் தருகிற பிராண்டுகள் உண்டு. போடலாம்தான், ஆனால் கேம்ப் ரோட்டில் தினமும் இரண்டு வேளை டீ குடிக்கும் ஆட்டோக்காரருக்கு முதல் வாயிலேயே தண்ணீர் தெரிந்துவிடும். டீத்தூளை பிராண்டிடமிருந்தே வாங்க வேண்டும், கிலோ 600 ரூபாய். ஒரு கிலோவுக்கு 300 டீ, அப்படியானால் ஒரு டீக்குத் தூள் 2 ரூபாய். சர்க்கரை 50 காசு, கேஸ் 1 ரூபாய், கிளாஸ் கழுவுவதும் உடைவதும் பால் திரிவதும் சேர்ந்து 50 காசு. ஆக ஒரு டீயின் அடக்கம் 8 ரூபாய், விலை 15. கையில் 7 ரூபாய்.

அந்த ஏழும் முழுசாக நிற்காது. விற்பனையில் ஐந்து சதவீதம் ராயல்டி என்றால் 75 காசு, அதன்மேல் 18 சதவீத வரியோடு 89 காசு. ஆண்டு விற்பனை 20 லட்சத்தைத் தாண்டும் உணவுக்கடை ஜிஎஸ்டிக்குள் வந்துவிடும். தினம் 400 டீ விற்றாலே வருடத்துக்கு அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறது. 15 ரூபாய்க்குள் அடங்கிய ஐந்து சதவீதம் என்றால் 71 காசு. பலருக்குத் தெரியாத ஒரு நுணுக்கம் இந்த இடத்தில் ஒளிந்திருக்கிறது. உணவகங்களுக்கான ஐந்து சதவீத வரியில், நாம் வாங்கியவற்றுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள வழியில்லை. அதனால் பிராண்டுக் கட்டணத்துக்கும் ராயல்டிக்கும் நீங்கள் கொடுக்கும் 18 சதவீதம் அப்படியே செலவுக் கணக்கில் விழும். “ஜிஎஸ்டி தானே, கழித்துக்கொள்ளலாம்” என்று யாராவது சொன்னால், உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்துவிடுங்கள்.

ராயல்டி, ஜிஎஸ்டி இரண்டையும் கழித்தால் ஒரு டீயில் நிற்பது 5 ரூபாய் 40 காசு.

மாதச் செலவு எவ்வளவு? வாடகை 25,000. காலை ஒரு டீ மாஸ்டர், மாலை ஒரு மாஸ்டர், கூட ஒரு பையன், மூவருக்கும் சேர்த்து 60,000. கரன்ட் 5,000, தண்ணீர், பழுது, இதர செலவு 5,000. மொத்தம் 95,000. இதை 5.40ஆல் வகுத்தால் மாதம் ஏறக்குறைய 17,600 டீ, அதாவது ஒரு நாளைக்கு 586. இந்த 586 டீயும் விற்றால் உங்களுக்கு ஒரு ரூபாய் நஷ்டமும் இல்லை, ஒரு ரூபாய் சம்பளமும் இல்லை. வீட்டுக்கு 30,000 ரூபாய் கொண்டுபோக வேண்டுமென்றால் 770 டீ. வடை, சமோசா, பன், பிஸ்கட் தினம் 2,000 ரூபாய்க்கு விற்று வரியும் ராயல்டியும் போக 300 ரூபாய் நின்றால், 55 டீ குறையும். அப்போதும் 700க்குக் கீழே இறங்காது.

இப்போது அதே கடையைப் பிராண்டு இல்லாமல் சொந்தப் பெயரில் வைத்ததாக நினைத்துப் பாருங்கள். நல்ல தூள் கிலோ 400 ரூபாய்க்குக் கிடைக்கும், ஒரு டீக்கு 1 ரூபாய் 33 காசு. ராயல்டி இல்லை. ஒரு டீயில் நிற்பது 6 ரூபாய் 96 காசாகிவிடும். செலவை ஈடுகட்ட 455 டீ போதும்.

586லிருந்து 455ஐக் கழித்தால் 131. பிராண்டு எடுப்பதா வேண்டாமா என்ற கேள்வி மொத்தமும் இந்த ஓர் எண்ணுக்குள் அடங்குகிறது. அந்தப் பெயர்ப்பலகை தினமும் 131 டீயைக் கூடுதலாக விற்றுத் தந்தால்தான் நீங்கள் அது இல்லாமல் இருந்திருக்கும் நிலைக்கே வந்துசேர்வீர்கள். கட்டிய 3,54,000 ரூபாய் இந்தக் கணக்கில் இன்னும் வரவேயில்லை. சில பிராண்டுகள் அதைச் செய்யக்கூடும். கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பரிச்சயமான பெயர், சுத்தமான முகப்பு, எங்கே குடித்தாலும் மாறாத ருசி ஆகியவற்றுக்கு மதிப்பு உண்டு. ஆனால் தாம்பரத்தில் மூன்று கடை மட்டுமே உள்ள ஒரு பெயருக்காக, பக்கத்துக் கடையைத் தாண்டி 131 பேர் நடந்து வருவார்களா என்பதை அந்தப் பெயரின் உரிமையாளரே முதலில் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

‘ஆறு மாதத்தில் போட்ட பணம்’ என்ற வாக்கியத்தையும் இதே தராசில் வைக்கலாம். திரும்பாத பத்தரை லட்சத்தை ஆறு மாதத்தில் எடுக்க மாதம் 1,75,000 லாபம் நிற்க வேண்டும். செலவு 95,000ஐயும் சேர்த்து வகுத்தால் தினம் 1,600 டீக்கு மேல். காலை ஐந்திலிருந்து இரவு பத்து வரை பதினேழு மணி நேரம் கடை திறந்திருந்தால் மணிக்கு 98 டீ. மத்தியானம் இரண்டு மணி வெயிலிலும் அதே 98. அப்படி ஓடும் கடைகள் உண்டு, பெரிய பஸ் ஸ்டாண்டு வாசலில். அங்கே வாடகை 25,000 இல்லை.

சரி, ஓடிக்கொண்டிருக்கும் கிளைகளின் உண்மை விற்பனையை எப்படித் தெரிந்துகொள்வது? “தினம் என்ன கல்லா?” என்று கேட்டால் யாரும் நேராகச் சொல்லமாட்டார்கள். பிராண்டுக்காரர் பக்கத்தில் நின்றால் கூட்டியும், வருமான வரி நினைவுக்கு வந்தால் குறைத்தும் சொல்வார்கள். கேட்கவேண்டிய கேள்வி வேறு: “அண்ணே, ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் பால் ஓடுது?” டீக்கடைக்காரர் பாலை மறைத்துப் பேசுவது அபூர்வம், அது அவருக்குப் பெருமைக்கணக்கு. 40 லிட்டர் என்றால் காபியும் சேர்த்து 600 கிளாஸ். நம்பிக்கை வரவில்லையென்றால் இரவு கடை மூடும் நேரத்தில் போய்க் காலி பாக்கெட்டுகளைப் பாருங்கள். அரை லிட்டர் பாக்கெட் 80 கிடந்தால் அதே 40 லிட்டர்.

மாதத்தையும் பார்த்துக் கேட்கவேண்டும். சேலையூர், கிழக்குத் தாம்பரம் வட்டாரத்தில் கிறித்துவக் கல்லூரி, பாரத் பல்கலைக்கழகம், சுற்றிலும் பள்ளிகள் என்று கூட்டத்தில் பெரிய பங்கு மாணவர்களுடையது. ஆகஸ்டில் ஓடும் பாலும் மே மாதம் ஓடும் பாலும் ஒன்றாக இருக்காது. அறிவிப்பில் போடும் விற்பனை எந்த மாதத்துடையது, எந்தக் கிளையுடையது, அது திறந்து எத்தனை மாதம் ஆனது என்று எழுதாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தம் கிடையாது. இருப்பதிலேயே நன்றாக ஓடும் கிளையின் ஆகஸ்டு மாதத்தைத்தான் எல்லோரும் காட்டுவார்கள், நானாக இருந்தாலும் அதைத்தான் காட்டத் தோன்றும்.

அடுத்து ‘முழு சப்போர்ட்’. இந்த இரண்டு சொல்லுக்கு எந்தக் கோர்ட்டிலும் பொருள் கிடைக்காது. எத்தனை நாள், யார், யார் செலவில் என்று இறங்கி எழுதினால்தான் அது ஆதரவு. டீக்கடையில் நிஜமான ஆதரவு எது என்று தொழிலில் இருக்கிறவரைக் கேட்டால் போஸ்டரையும் ஆப்பையும் சொல்லமாட்டார், மாஸ்டரைச் சொல்வார். பொங்கலுக்கு ஊருக்குப் போன மாஸ்டர் திரும்பி வரவில்லை. அவர் கையில் கொடுத்த அட்வான்ஸும் வரவில்லை. மறுநாள் காலை ஐந்து மணிக்கு பாய்லர் முன்னால் நிற்பது யார்? “எங்களிடம் மாற்று மாஸ்டர் இருக்கிறார், 24 மணி நேரத்தில் அனுப்புவோம், நாள் சம்பளம் உங்களுடையது, வருடத்துக்கு 20 நாள் வரை” என்று எழுதிக் கொடுக்கிற பிராண்டு, 3 லட்சத்தில் கொஞ்சத்தையாவது நியாயப்படுத்திவிட்டது. அப்படி ஒருவரைச் சம்பளத்தில் வைத்திருக்காத பிராண்டு அந்த வாக்கியத்தை எழுதவும் முடியாது. எழுதச் சொல்லிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

தூள் விஷயத்திலும் அப்படித்தான். பிராண்டின் தூளையே வாங்கவேண்டும் என்றால், வண்டி இரண்டு நாள் தாமதமானால் வெளியே வாங்கலாமா, விலையை ஏற்றினால் எத்தனை நாள் முன்பு சொல்வார்கள் என்பதும் எழுத்தில் வரவேண்டும். லோகோ அச்சடித்த காகிதக் கப்பை இலவசமாகத் தருகிறோம் என்பது இன்னொரு கவர்ச்சி. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்ட ஒருமுறைப் பிளாஸ்டிக் பொருட்களின் பட்டியலில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் இருக்கிறது. தாம்பரம் மாநகராட்சி ஆட்கள் வந்து அள்ளிக்கொண்டு அபராதம் போட்டால் கட்டப்போவது நீங்கள், பிராண்டின் தலைமை அலுவலகம் அல்ல.

ஏரியா பாதுகாப்பு என்று ஒன்று சொல்வார்கள், ‘2 கிலோமீட்டருக்குள் வேறு கிளை கிடையாது’ என்று. தாம்பரத்தில் இந்த அளவுகோலே தப்பு. ரயில் தண்டவாளத்துக்கு மேற்கே திறக்கும் கிளை, வரைபடத்தில் பக்கத்தில் இருந்தாலும் சேலையூர்க் கடைக்குப் போட்டியே இல்லை. அதே வேளச்சேரி சாலையில் மூன்று கிலோமீட்டர் தள்ளித் திறப்பது உங்கள் மாலைக் கூட்டத்தைப் பிடித்துக்கொள்ளலாம். சாலைப் பெயரைச் சொல்லி எழுதவேண்டும்: வேளச்சேரி சாலையில் எங்கிருந்து எங்கே வரை, அகரம்தென் சாலையில் எதுவரை.

ஆதரவு எழுத்தில் இருந்தாலும் அது நடக்குமா என்பதை வேறொரு இடத்திலிருந்து ஊகிக்கலாம். பிராண்டு எதில் சம்பாதிக்கிறது என்று பாருங்கள். நாட்டில் பெயர் பெற்ற டீ நிறுவனங்களான பெங்களூரின் சாய் பாயின்ட் (2010), டெல்லியின் சாயோஸ் (2012), சென்னையின் சாய் கிங்ஸ் (2016) ஆகியவை வெளியிலிருந்து முதலீடு வாங்கி, பெரும்பாலும் தாங்களே கடை நடத்தி வளர்ந்தவை. டீ விற்றால்தான் அவற்றுக்குப் பணம். இந்தூரில் 2016இல் தொடங்கிய சாய் சுட்டா பார் பிறருக்குக் கிளை கொடுத்துப் பரவியது. இரண்டு வழியும் நேர்மையாக நடத்தக்கூடியவைதான். ஆனால் கிளை கொடுக்கும் ஒரு பிராண்டின் வருமானத்தில் பெரும்பங்கு கட்டணத்திலிருந்து வருகிறது என்றால், உங்கள் கடை திறப்பு விழா அன்றே அதற்கு உங்களிடம் வேலை முடிந்துவிடுகிறது. கட்டணம் குறைவாகவும், மாதாமாதம் தூளிலோ ராயல்டியிலோ வருவது அதிகமாகவும் இருந்தால், உங்கள் பாய்லர் அணையக்கூடாது என்ற கவலை அதற்கும் இருக்கும். 3 லட்சம் கட்டணம், ராயல்டி இல்லை என்ற நோட்டீஸைவிட, 50,000 கட்டணம், ஐந்து சதவீத ராயல்டி என்ற நோட்டீஸ் எனக்கு நிம்மதி தருகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும் 1999ஆம் ஆண்டின் வணிகக்குறிச் சட்டமும்தான் துணை. அமெரிக்காவில் கையெழுத்துக்கு 14 நாள் முன்பே 23 தலைப்புகளில் விவர ஆவணம் கொடுத்தாக வேண்டும். அதில் எனக்குப் பிடித்தது இருபதாவது தலைப்பு. எத்தனை கிளை திறந்தது, எத்தனை மூடியது, விலகிப் போனவர்களை எப்படித் தொடர்புகொள்வது என்பதைச் சொல்லும் பகுதி அது. மலேசியாவில் 1998ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. கையெழுத்துப் போட்டபின்னும் குறைந்தது ஏழு வேலை நாள் வரை மனம் மாறலாம். இங்கே அதெல்லாம் யாரும் கொடுக்கமாட்டார்கள், நாமே கேட்டு வாங்கவேண்டும். “மூடின கிளை எங்கே இருந்தது, அவர் நம்பர் கிடைக்குமா?” என்பது முதல் சந்திப்பிலேயே கேட்கத்தக்க கேள்வி.

நாமே செய்யக்கூடிய சோதனை ஒன்று. போர்டில் பெயருக்குப் பக்கத்தில் ‘டிஎம்’ என்று இருந்தால் அது பதிவுக்கு ஆதாரம் இல்லை, யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் ‘ஆர்’ எழுத்து பதிவான பெயருக்கு மட்டும்தான். ipindia.gov.in தளத்தில் வணிகக்குறித் தேடலில் பெயரைப் போட்டு, 43ஆம் வகுப்பில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். உணவும் பானமும் பரிமாறும் கடைக்கு உரிய வகுப்பு அதுதான், 30ஆம் வகுப்பு டீத்தூளுக்கு. தூளுக்கு மட்டும் பதிவு வைத்துக்கொண்டு கடைப் பெயரை விற்பவர், தனக்கு முழுசாகச் சொந்தமாகாத ஒன்றுக்கு 3 லட்சம் வாங்குகிறார். நாளை வேறொருவர் அந்தப் பெயருக்கு உரிமை கோரி வந்தால் போர்டை இறக்கவேண்டியது உங்கள் கடை.

இன்னொரு வகை நோட்டீஸ் இருக்கிறது: “பணம் மட்டும் போடுங்கள், கடையை நாங்களே நடத்தி மாதம் 40,000 உறுதியாகத் தருகிறோம்.” இது டீ வியாபாரம் இல்லை. உறுதியான மாத வருமானம் சொல்லிப் பொதுமக்களிடம் பணம் திரட்டுவது என்று வந்துவிட்டால், முதலீட்டாளர் நலனுக்கான 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டமும் 2019ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் குறுக்கே நிற்கும். அந்த மாதிரிப் புகார்கள் போய்ச்சேரும் இடம் பொருளாதாரக் குற்றப்பிரிவு. மேலே போட்ட கணக்கில் 40,000 உறுதியாக நிற்க எத்தனை டீ விற்கவேண்டும் என்று வகுத்துப் பார்த்தாலே விஷயம் வெளிச்சமாகிவிடும்.

ஒப்பந்தத்தில் எல்லாவற்றையும் விட நான் முதலில் பார்ப்பது தேதிகளை. கட்டணம் ஐந்து வருடத்துக்கு, வாடகை ஒப்பந்தம் 11 மாதத்துக்கு என்று இருக்கும். பன்னிரண்டாவது மாதம் வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால், அதே கட்டணத்தில் வேறு இடத்துக்கு மாற்றித் தருவார்களா என்ற ஒரு வரி இல்லாவிட்டால் கையெழுத்துப் போடவேண்டாம்.

நோட்டீஸ் எழுத உட்கார்ந்தவர் இதையெல்லாம் படித்துவிட்டு, இவ்வளவையும் சொன்னால் யார் வருவார் என்று கேட்பார். நூறு போனுக்குப் பதில் பத்து போன் வரும். அந்தப் பத்தில் இரண்டு பேர் கடை வைப்பார்கள், ஒரு வருடம் கழித்தும் நடத்துவார்கள். நான் எழுதிக்கொடுத்தால் இப்படி இருக்கும்:

“சேலையூரில் எங்களுக்கு மூன்று சொந்தக் கடைகள் உண்டு. கேம்ப் ரோடு கடையில் தினம் 52 லிட்டர் பால், மே மாதம் 37 லிட்டர். கிளை கொடுத்தவை நான்கு, அதில் ஒன்று பதினான்காம் மாதம் மூடப்பட்டது. கேட்டால் அவருடைய சம்மதத்தோடு நம்பர் தருவோம். 180 சதுர அடிக் கடைக்கு, அட்வான்ஸும் இரண்டு மாதக் கையிருப்பும் வரிகளும் சேர்த்து உங்களுக்கு ஆகும் செலவு சுமார் 11 லட்சம். அதில் எங்களிடம் கட்டுவது வரியோடு 59,000. கடையை மூடினால் உங்களுக்குத் திரும்பாதது சுமார் ஏழரை லட்சம். ராயல்டி ஐந்து சதவீதம், அதற்கு வரி தனி. தூள் எங்களிடம்தான் வாங்கவேண்டும், கிலோ 480. விலை ஏறினால் 30 நாள் முன்பு சொல்வோம், வண்டி வராத நாளில் வெளியே வாங்கலாம். திறப்பதற்கு முன் எங்கள் கடையில் 15 நாள் நீங்களே நின்று டீ போடவேண்டும். மாஸ்டர் நின்றுவிட்டால் மறுநாள் மாற்று ஆள், வருடத்துக்கு 20 நாள் வரை, நாள் சம்பளம் உங்களுடையது. எவ்வளவு லாபம் வரும் என்று நாங்கள் சொல்லமாட்டோம். தினம் 550 டீக்குக் குறையும் என்று தோன்றும் இடத்துக்குக் கிளை தரமாட்டோம். இடத்தை மூன்று நாள் எங்கள் ஆள் நின்று எண்ணிய பிறகுதான் பணம் வாங்குவோம். காலை பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை கடையில் இருப்போம், டீ குடித்துக்கொண்டே பேசலாம்.”